கேட்க ஆளில்லாத பாக்கி

கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கூட்டு வணிக நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூன் 10 அன்று ஒரு லட்ச ரூபாய்க்குச் செம்புக் கம்பி வாங்கியது. 18% ஜிஎஸ்டி சேர்த்து பில் 1,18,000 ரூபாய். ஒரு மாதக் கெடு. தரம் சரியில்லை என்று தகராறு வந்து பணம் நின்றுபோனது. விற்றவரும் கடையை மூடிவிட்டார். பாக்கி மட்டும் ஆண்டுதோறும் லெட்ஜரில் தொடர்கிறது.

விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட, கெடு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம் என்கிறது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். ஆக, 2025 ஜூலையோடு சரி. ஆனால் அதற்குள், ‘இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள். ஆடிட்டருக்காகக் கையெழுத்திட்டு அனுப்பும் நிலுவை உறுதிக் கடிதமே இதற்குப் போதுமானதாகிவிடலாம். பலருக்கு இது உறைப்பதில்லை.

கெடு தாண்டினால் கடனே ஒழிந்தது என்று நினைப்பது தவறு. நீதிமன்றக் கதவுதான் அடைபடுகிறது, கடன் அப்படியே இருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் சுகௌலி சர்க்கரை ஆலை வழக்கில் தெளிவாக்கியது. எனவே மூன்று ஆண்டு கழிந்ததால் மட்டும் அந்தத் தொகை வருமானமாகிவிடாது. நிறுவனமே அதை லாப நட்டக் கணக்கின் வரவுக்கு மாற்றும்போதுதான் வரி வருகிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 41(1) பிரிவு, முன்பு செலவாகக் கழித்த பாக்கியை இப்படித் தானாகவே தள்ளினாலும் அந்த ஆண்டின் வருமானம் என்கிறது.

எவ்வளவு வரி? இங்கே ஜிஎஸ்டி குறுக்கே வருகிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். நம் நிறுவனம் 18,000 ரூபாயை அப்போதே கட்டி, ‘பணம் கொடுத்ததும் மீண்டும் எடுக்க வேண்டியது’ என்று சொத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தது. பாக்கியைத் தள்ளும்போது அதுவும் கழிகிறது. நிகர வருமானம் ஒரு லட்சம். 2025-26 நிதியாண்டில் தள்ளினால், 30% வரியும் அதன்மேல் 4% செஸ்ஸும் சேர்த்து 31,200 ரூபாய். கட்டாமல் விட்டிருந்தால் ஜிஎஸ்டி துறை அந்த 18,000 ரூபாயை வட்டியோடு கேட்கும்.

வாங்கியது கம்பியாக இல்லாமல் லேத் மெஷினாக இருந்திருந்தால் கதை வேறு. அதன் விலையைச் செலவாகக் கழித்திருக்க மாட்டார்கள். 41(1) அப்படியே பொருந்தாது.

வரிக்குப் பயந்து பாக்கியைத் தள்ளாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. சட்டப்படி அது தவறில்லை. ஆனால் வரி அதிகாரி விற்றவரின் முகவரிக்கு அனுப்பும் கடிதம் ‘ஆள் இல்லை’ என்று திரும்பினால், கொள்முதலே உண்மையா என்ற கேள்வி கிளம்பும். பில், லாரி ரசீது, தகராறுக் கடிதங்கள் எல்லாம் கையில் இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.