காய்ச்சலில் மட்டும் முகம் காட்டும் இதயக் கோளாறு

ஈசிஜி தாளில் வி1, வி2 என்று குறிக்கப்பட்ட இரண்டு வரிகளில்தான் புருகாடா வடிவம் தெரியும். ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையான ஏற்ற இறக்கம் முடிந்ததும் கோடு அடிமட்டத்துக்குத் திரும்பிவிடுவது வழக்கம். புருகாடாவில் அது குறைந்தது 2 மில்லிமீட்டர், அதாவது தாளின் இரண்டு சின்னக் கட்டம், உயரத்திலேயே நின்றுகொள்கிறது. பிறகு சறுக்குமரம் போலச் சரிந்து, அடிமட்டத்துக்கும் கீழே போய்த்தான் மேலே வருகிறது. இது முதல் வகை. குதிரைச் சேணம் போல நடுவில் பள்ளம் விழும் இரண்டாம் வகை சந்தேகத்தைக் கிளப்பும். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

1992இல் பெட்ரோ புருகாடா, யோசெப் புருகாடா என்ற சகோதரர்கள் இந்த வடிவம் கொண்ட எட்டு பேரைப் பற்றி எழுதினார்கள். எட்டு பேருமே இதயம் திடீரென நின்று காப்பாற்றப்பட்டவர்கள். இதயத்தின் அமைப்பில் குறை எதுவும் தென்படவில்லை. குறை மின்னோட்டத்தில் இருந்தது. இதயச் செல்லின் சுவரில் சோடியம் உள்ளே வர நுண்ணிய வாயில்கள் உண்டு. அந்த வரவில்தான் துடிப்புக்கான மின்னலை கிளம்புகிறது. இந்நோயில் வரவு குறைந்துவிடுகிறது. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் வெளியேறும் மேல்பகுதியில் அதன் விளைவு அதிகம். வி1, வி2 பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

காய்ச்சல் இங்கேதான் நுழைகிறது. உடல் சூடாகும்போது இந்த வாயில்கள் வேகமாக மூடிக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள இதயத்துக்கு அது பொருட்டில்லை. ஏற்கெனவே வரவு குறைந்த இதயத்தில் பற்றாக்குறை வெளிப்பட்டுவிடும். இஸ்ரேலில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், காய்ச்சல் இருந்தவர்களில் 2 சதவீதம் பேரிடம் முதல் வகை வடிவம் தெரிந்தது. காய்ச்சல் இல்லாதவர்களில் 0.1 சதவீதம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. நாற்பது வயது ஆண் ஒருவர் 39.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சலுடன் வருகிறார். ஈசிஜியில் கோடு உயர்ந்து நிற்பதைப் பார்த்ததும் மாரடைப்போ என்ற பதற்றம் எழுகிறது. நெஞ்சுவலி இல்லை, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. பாராசிட்டமால் கொடுத்துச் சூடு தணிந்ததும் மறுபடி எடுத்த ஈசிஜியில் கோடு தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. முதல் தாளைக் கிழித்துப் போடுவதுதான் இந்த இடத்தில் நடக்கக்கூடிய பெரிய தவறு. நோயைக் காட்டும் ஒரே சான்று அதுவாக இருக்கலாம்.

அந்தத் தாள் மட்டுமே தீர்ப்பும் ஆகிவிடாது. எப்போதாவது காரணமின்றி மயங்கி விழுந்தாரா, தூக்கத்தில் மூச்சுத் திணறிப் புரண்டதை மனைவி கண்டாரா, நெருங்கிய உறவில் 45 வயதுக்குள் யாராவது திடீரென இறந்தார்களா என்று கேட்க வேண்டும். இறப்பு பெரும்பாலும் ஓய்விலோ தூக்கத்திலோ நேர்கிறது. பாதிக்கப்படுவோரில் ஆண்களே மிகுதி. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் உறக்கத்தில் இளைஞர்கள் இறப்பதற்கென்றே தனிப் பெயர்கள் உண்டு. அந்தச் சாவுகளில் பலவற்றுக்குப் பின்னால் இந்த நோய்தான் இருந்தது என்பது பின்னாளில் புரிந்தது.

ஆபத்தின் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். ஐரோப்பாவில் 1,029 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, முன்பே இதயம் நின்று மீண்டவர்களில் ஆண்டுக்கு 7.7 சதவீதம் பேருக்கு மீண்டும் உயிராபத்து நேர்ந்தது. மயங்கி விழுந்தவர்களில் இது 1.9, அறிகுறியே இல்லாதவர்களில் 0.5. இதனால்தான் முதல் பிரிவினருக்கு, அதிர்வு கொடுத்துத் துடிப்பை மீட்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் பொருத்துகிறார்கள். அறிகுறியில்லாமல் காய்ச்சலில் மட்டும் வடிவம் தெரிந்தவருக்குக் கருவி பொதுவாகத் தேவைப்படாது. அறுவையின் தொல்லைகளும் தேவையில்லாமல் விழும் அதிர்வுகளும் பயனைவிடக் கூடுதலாகிவிடலாம். இருதய மருத்துவரின் தொடர் கண்காணிப்பு அவருக்கும் வேண்டும்.

அவர் செய்ய வேண்டியது வேறு. காய்ச்சல் தொட்டதுமே பாராசிட்டமால் போட்டுச் சூட்டைக் குறைக்க வேண்டும். ‘தானாக விடட்டும்’ என்று காத்திருப்பது இவருக்குப் பொருந்தாது. எந்தப் புது மருந்து எழுதினாலும் புருகாடா இருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். துடிப்பைச் சீராக்கத் தரும் ஃப்ளெகெய்னைடு, மனச்சோர்வுக்கான சில பழைய மாத்திரைகள், மயக்க மருந்துகளில் சில ஆகியவை சோடியம் வாயில்களை அடைப்பவை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது. காய்ச்சலின்போது மயக்கம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பழைய ஈசிஜி தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.