கால்சியம் மாத்திரைக்கு எது நேரம்?

கால்சியம் கார்பனேட் மாத்திரை ஒன்றை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தண்ணீரிலும் மறு பாதியைச் சமையலறை வினிகரிலும் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் விழுந்த பாதி சிதைந்து மாவாகலாம், ஆனால் கரையாது. வெள்ளை வண்டலாக அடியில் தங்கிவிடும். வினிகரில் விழுந்த பாதியிலிருந்து சிறு சிறு குமிழிகள் எழும். அமிலம் கார்பனேட்டை உடைக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது, கால்சியம் கரைசலில் கலக்கிறது. இந்த மாத்திரையைப் போட்டதும் சிலருக்கு ஏப்பமும் வயிற்று உப்புசமும் வருவதற்குக் காரணம் இந்த வாயுதான்.

வயிற்றுக்குள்ளும் இதுவே நடக்கிறது. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். சாப்பிடும்போது இரைப்பை அமிலத்தை அதிகமாகச் சுரக்கிறது. உணவோடு கலந்த மாத்திரை இரைப்பையில் கூடுதல் நேரம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் இறங்குவதால் உறிஞ்சுவதற்கும் அவகாசம் கிடைக்கிறது. சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போடச் சொல்வது இதனால்தான். கால்சியம் சிட்ரேட் அமிலத்தை இப்படி நம்பியிருப்பதில்லை. வெறும் வயிற்றிலும் அது உடலில் சேரும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஆய்வை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரெக்கர் 1985இல் வெளியிட்டார். இரைப்பையில் அமிலமே சுரக்காத நோயாளிகளுக்கு வெறும் வயிற்றில் இரண்டு வகைக் கால்சியத்தையும் கொடுத்துப் பார்த்தார். சிட்ரேட்டிலிருந்து சுமார் 45 சதவீதம் உடலில் சேர்ந்தது. கார்பனேட்டிலிருந்து சேர்ந்தது 4 சதவீதம் மட்டுமே. அதே நோயாளிகள் கார்பனேட்டைக் காலை உணவோடு எடுத்துக்கொண்டபோது, மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் கால்சியம் சேர்ந்தது. அமிலம் இல்லாத வயிற்றிலும் உணவு பெரும்பகுதிக் குறையை ஈடுகட்டிவிட்டது. பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கார்பனேட்டை வெறும் வயிற்றில் போடவே கூடாது. சிட்ரேட்டுக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்பது இன்னும் நல்லது.

அப்படி மாறும்போது அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம். அதனால் 1250 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். சிட்ரேட்டில் இருப்பது 21 சதவீதம்தான். ‘சிட்ரேட் 1000 மில்லிகிராம்’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 210 மில்லிகிராம் கால்சியம். ஆயிரம் என்ற எண் பெரிதாகத் தெரிந்தாலும் கிடைப்பது அந்தக் கார்பனேட் மாத்திரையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. உப்பின் எடைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘எலிமென்டல் கால்சியம்’ என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் குடல் உறிஞ்சும் விகிதம் குறைகிறது. நாளொன்றுக்கு 1000 தேவைப்படுபவருக்கு இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்பது வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிய பேச்சு மட்டுமே. பக்கத்தில் எந்த மாத்திரை போகிறது என்பது வேறு கேள்வி. அங்கே இரண்டு வகைக் கால்சியமும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. பலர் சறுக்கும் இடம் இது.

ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஐம்பதுகளின் இறுதியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தைராக்சின், காலையில் வெறும் வயிற்றில். எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் கார்பனேட் 1250, ‘1-0-1, சாப்பாட்டுக்குப் பின்’. ஆறு மணிக்குத் தைராக்சின் போட்டு, ஏழரைக்கு இட்லி சாப்பிட்டு, உடனே கால்சியத்தையும் போட்டுவிடுகிறார். சீட்டில் எழுதியபடிதான் செய்கிறார். ஆனால் இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

நெருக்கமாகப் போட்டால் என்ன ஆகும்? தைராக்சின் கால்சியத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, ஒரு பகுதி உடலில் சேராமலேயே கழிந்துவிடும். 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தைராக்சின் போட்டுவந்த 20 பேர், நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியத்தைக் கார்பனேட்டாக அதனுடனேயே சேர்த்து மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய டி.எஸ்.எச். சராசரி 1.6இலிருந்து 2.7ஆக ஏறியது. ஐந்தில் ஒருவருக்கு அது இயல்பான அளவையே தாண்டியது. கால்சியத்தை நிறுத்தியதும் இறங்கியது. 2011இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வில், சிட்ரேட்டும் கார்பனேட்டைப் போலவே தைராக்சினைத் தடுப்பது தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு உடனே எதுவும் தெரியாது. வாரங்கள் போன பிறகு சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்று பழைய தொல்லைகள் மெல்லத் திரும்பலாம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடியிருக்கும். கால்சியத்தைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் தைராக்சின் அளவு கூட்டப்படும். பிறகு என்றோ ஒருநாள் அவர் கால்சியத்தை நிறுத்தினால், கூட்டிய தைராக்சின் தடையின்றி உடலில் சேர்ந்து படபடப்பு வரலாம். அளவை மாற்றுவதற்கு முன், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

தீர்வு எளிது. காலைக் கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளினால் போதும். ஆறு மணிக்குத் தைராக்சின், தண்ணீரோடு மட்டும். காபி அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், இரவு உணவோடு இன்னொன்று. சீட்டில் ‘1-0-1’ என்று இருப்பதை ‘0-1-1’ என்று மாற்றித் தரும்படி மருத்துவரிடமே கேட்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்தால், கோளாறு நேரத்தில்தான் இருந்ததா என்று தெரிந்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு இதே சிக்கல் இரும்புச்சத்து மாத்திரையால் வருகிறது. குடலில் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. நம் நாட்டு அரசு வழிகாட்டுதல்படி 14 வாரத்திலிருந்து நாளுக்கு இருமுறை 500 மில்லிகிராம் கால்சியம், சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரை அதோடு சேராமல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. இரண்டையும் ஒரே கையில் வைத்து விழுங்கினால் ரத்தசோகைக்குக் கொடுத்த மருந்தின் பயன் குறையும்.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைக் கால்சியம் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சிப்ரோஃப்ளாக்சசினைக் கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். பெரும்பாலும் இவை சில நாள் மருந்துதான் என்பதால், அதுவரை கால்சியத்தை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டுக்கொள்வது இன்னும் எளிது.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் இந்த மாற்றங்கள் எதையும் தாமாகச் செய்யக் கூடாது. அவர்களுக்குக் கால்சியம் கார்பனேட் கொடுக்கப்படுவது பெரும்பாலும் எலும்புக்காக அல்ல, உணவில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவதற்காக. அது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் உள்ளே போனால்தான் வேலை செய்யும். சாப்பாட்டிலிருந்து தள்ளிப் போட்டால் பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறும். அலுமினியம் கலந்த ஜெலுசில் வகை அமில நீக்கிகளோடு சிட்ரேட் சேர்ந்தால் அலுமினியம் ரத்தத்தில் கூடுதலாகக் கலக்கும் என்பதால், கார்பனேட்டுக்குப் பதிலாகச் சிட்ரேட்டைத் தாங்களாகவே கடையில் வாங்கிக்கொள்வதும் அவர்களுக்கு ஆபத்து.