உவரிக் கரையில் முதல் அன்னம்: பேரக் குழந்தைக்குக் கேப்பைக் கூழ்

அலைகள் வந்து தொடும் தொலைவில், நெல்லைச் சீமையின் தென்கோடியில் வீற்றிருக்கிறார் உவரி சுயம்புலிங்க சுவாமி. பால் சுமந்து சென்றவர்கள் ஒரே இடத்தில் நாள்தோறும் கால் இடறிப் பாலைக் கொட்டினர் என்றும், இடறிய கடம்ப மர வேரை வெட்டியபோது குருதி பெருகியது என்றும், சந்தனம் அரைத்துப் பூசியபின் அது நின்றது என்றும் தலவரலாறு கூறுகிறது. உப்பு நீர் சூழ்ந்த கரையில் நன்னீர் சுரக்கும் கிணறுகளும், கடல் மணலை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து சேர்க்கும் நேர்த்திக்கடனும் இத்தலத்தின் தனிச்சிறப்புகள்.

இச்சுவாமியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் குழந்தைக்கு முடி இறக்கவும் காது குத்தவும் இங்கு வருகின்றன. சோறூட்டும் சடங்கைச் சந்நிதியிலேயே நடத்த விரும்புவோரும் உண்டு. அதற்கு நாள் குறிப்பவர் பெரும்பாலும் தாத்தா. முதல் வாய் எது என்று முடிவு செய்பவர் பாட்டி. இவ்விரு முடிவுகளிலும் மருத்துவ அறிவு கூறுவது என்ன என்பதைப் பெரியவர்கள் தெரிந்துகொண்டால், சடங்கும் குறைவுபடாது; குழந்தையின் வயிறும் வாடாது.

ஆறாம் மாதமா, ஆறு மாதமா?

ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதத்திலும் பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்திலும் அன்னம் ஊட்டுவது பல குடும்பங்களின் வழக்கம். ‘ஆறாம் மாதம்’ என்று பெரியோர் சொல்லும்போது பலர் நடப்பு மாதத்தையே கருதுகின்றனர். மருத்துவர் சொல்வதோ ஆறு மாதம் நிறைவடைவது. அதாவது 180 நாட்கள்.

ஒரு குழந்தை ஏப்ரல் 14 அன்று பிறந்தது எனக் கொள்வோம். செப்டம்பர் 14 அன்று அதற்கு ஆறாம் மாதம் தொடங்குகிறது. அன்று அதன் வயது 153 நாட்களே. 180 நாள் நிறைவது அக்டோபர் 11 அன்றுதான். மாதம் பிறந்த உடனேயே ஊட்டிவிட்டால் ஏறத்தாழ நான்கு வாரம் முந்திவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் பெண் குழந்தைக்கு ஊட்டினால் வித்தியாசம் இன்னும் பெரிது.

இதற்கு மரபுக்குள்ளேயே வழி இருக்கிறது. பெண் குழந்தைக்கு ஏழாம் மாதம் ஒற்றைப்படை. அது தொடங்கும்போது ஆறு மாதம் நிறைந்திருக்கும். ஆண் குழந்தைக்கு ஆறாம் மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாட்களில் நாள் அமைந்தால் 180 நாளும் நிறைந்திருக்கும். அப்படி முகூர்த்தம் வாய்க்காவிடில், சடங்கை எட்டாம் மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் ஊட்டுவதை அதுவரை தள்ளிப்போடக் கூடாது. பிறக்கும்போது குழந்தை உடலில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் அச்சத்து மிகக் குறைவு. எனவே முந்துவதும் தவறு, பிந்துவதும் தவறு.

நாட்கணக்கோடு குழந்தையையும் கவனிக்க வேண்டும். தலையை நிலையாக நிறுத்தி, சிறு துணையோடு உட்கார வேண்டும். கரண்டி உதட்டைத் தொட்டதும் நாக்கு அதை வெளியே தள்ளாமல் உள்ளே வாங்க வேண்டும்.

கேப்பை முளைப்பது ஏன்?

கேழ்வரகைத் தென்பாண்டிச் சீமையில் கேப்பை என்பர். நூறு கிராம் கேப்பையில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. எலும்பும் பல்லும் வளரும் பருவத்துக்கு இது பொருத்தமான தானியமே. ஆயினும் அதன் தோலில் உள்ள சில பொருட்கள் இரும்பையும் சுண்ணாம்பையும் உடல் ஏற்றுக்கொள்ளவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஊறவைத்து முளைகட்டினால் அந்தப் பிடி தளர்கிறது.

முளைகட்டுவதில் இரண்டாவது பயனும் உண்டு. சாதாரண மாவு சிறிதளவே சேர்த்தாலும் கூழ் விரைவில் கெட்டிப்படும். குழந்தை விழுங்காதே என்று அஞ்சித் தாய் நீரை ஊற்றுவாள்; வயிறு நிறையும், சத்து சேராது. முளைக்கும் தானியத்தில் மாவுப்பொருளை உடைக்கும் ஒரு நொதி தோன்றுகிறது. அதனால் அதே இளக்கமான பதத்தில் கூடுதல் மாவைச் சேர்க்க இயலும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் மல்லேசியும் தேசிகாச்சாரும் 1980களின் தொடக்கத்தில் முளைகட்டிய கேப்பையும் பாசிப்பயறும் கொண்டு குழந்தை உணவு ஒன்றை வகுத்ததற்கு அடிப்படை இதுவே.

மாவு தயாரிக்கும் முறை

ஒரு கோப்பை கேப்பையை நான்கைந்து முறை கழுவி அரிக்க வேண்டும். அதில் நுண்மணல் கலந்திருக்கும் என்பதைப் பாட்டிமார் அறிவர். எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடித்து, ஈரமான வெள்ளைத் துணியில் கட்டி வைக்க வேண்டும். காலையும் மாலையும் சிறிது நீர் தெளித்தால் ஒன்றரை நாளுக்குள் வெண்ணிற முளை தெரியும். அது எள்ளின் நீளத்தைச் சற்றுக் கடந்ததும் போதும்.

பிறகு மெல்லிய துணியால் மூடி உலர்த்த வேண்டும். கடலோர ஊர்களில் தவறு நேர்வது இங்கேதான். உப்புக்காற்றின் ஈரத்தில் தானியம் உலர்ந்ததுபோல் தோன்றும். உள்ளே ஈரம் நிற்கும். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஒரு நாள் காய வேண்டும். புளித்த வாடை, பிசுபிசுப்பு, சாம்பல் நிற நூல் போன்ற பூஞ்சை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மேலாகப் பொறுக்கி எடுத்துப் பயனில்லை.

காய்ந்ததைக் கைகளால் தேய்த்து முளைகளை உதிர்த்துப் புடைக்க வேண்டும். அடிகனமான வாணலியில் இளந்தீயில் மணம் எழும்வரை மட்டும் வறுக்க வேண்டும். கருக வறுத்தால் முளையால் கிடைத்த நொதியும் அழிந்துவிடும். ஆறியபின் அரைத்து, நுண்சல்லடையில் சலித்து, ஈரமில்லாத மூடியிட்ட பாத்திரத்தில் வைக்கலாம். பதினைந்து நாளுக்குப் போதுமான அளவே ஒருமுறை செய்வது நலம்.

முதல் நாள் முதல் முதல் மாதம் வரை

முதல் நாளில் இரண்டு தேக்கரண்டி மாவை அரைக் கோப்பை குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, இளந்தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறிக் காய்ச்ச வேண்டும். பச்சை வாடை போய் நிறம் கருமைபட்டுப் பளபளப்பு வரும். தாய்ப்பால் கொடுத்தபின், வெதுவெதுப்பான கூழில் ஒன்றிரண்டு தேக்கரண்டி ஊட்டினால் போதும். புட்டியில் ஊற்றிக் கொடுக்கலாகாது. கரண்டியால் மட்டுமே ஊட்ட வேண்டும்.

இரண்டு தேக்கரண்டி மாவு ஏறத்தாழ ஐந்து கிராம். அதில் கிடைப்பது 16 கலோரி அளவே. இவ்வயதில் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு 200 கலோரி அளவு தேவைப்படுகிறது. ஆகவே நீர்த்த கூழ் சுவை பழக மட்டுமே. ஒரு வாரத்தில் மாவைப் படிப்படியாகக் கூட்டி, இரண்டு மேசைக்கரண்டி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அரைத் தேக்கரண்டி நெய் சேர்த்தால் ஏறத்தாழ 20 கலோரி கூடுகிறது. பதம் அறிய எளிய வழி உண்டு. கரண்டியைச் சாய்த்தால் கூழ் நீராய் ஒழுகாமல், மெல்ல நழுவி விழ வேண்டும்.

மூன்று நாள் கேப்பை பழகியபின் ஒவ்வொன்றாகப் புதிய உணவு. வேகவைத்து மசித்த பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஆவியில் வேகவைத்து நடுவிலுள்ள விதை நீக்கிய நேந்திரம்பழம் ஆகியவை ஏற்றவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் இடைவெளி விட்டால், தடிப்போ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் காரணம் எதுவென்று தெரியும்.

கேப்பையும் காயும் மட்டும் போதுமா என்றால், போதா. கேப்பையில் இரும்பு இருந்தாலும் அதில் சிறு பகுதியே குழந்தைக்குச் சேர்கிறது. எனவே இரண்டாம் வாரத்திலேயே குழைய வேகவைத்த பாசிப்பருப்பும், அதனுடன் மசித்த முருங்கைக் கீரையும் சேர வேண்டும். இறக்கியபின் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கீரையின் இரும்பு எளிதில் ஏறும். மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளில் புளிக்காத தயிரையும் பழக்க வேண்டும். தாவர உணவில் கிடைக்காத பி12 என்னும் உயிர்ச்சத்து அதில் உண்டு. அரசு சுகாதாரத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் இரும்புச் சத்து மருந்து வழங்கப்படுகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் அதைக் கேட்டுப் பெறுவது அவசியம். தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும் தொடர வேண்டும்.

சந்நிதியில் ஊட்டும்போது

பனை வளர்ந்த தேரிக்காட்டுச் சீமையில் கருப்பட்டி சேர்க்காத கூழ் கூழாகுமா என்று பாட்டிமார் வியப்பது இயல்பு. எனினும் கருப்பட்டியும் சர்க்கரையே. இனிப்பு முதலில் பழகிய நாக்கு பருப்பையும் கீரையையும் ஒதுக்கும். ஒரு வயது வரை உப்பும் இனிப்பும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

மிக முக்கியமானது தேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளி தேனும் நாவில் தடவக் கூடாது. தேனில் சில வேளை ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கும். பெரியவர் வயிற்றில் அது வளராது. குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு சுரந்து, உடலைத் தளர்த்தி மூச்சையும் நிறுத்தக்கூடும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து அழிவதில்லை. எத்தகைய தூய மலைத்தேனுக்கும் இது பொருந்தும். தேன் கலந்த பஞ்சாமிர்தமும் அவ்வாறே. குழந்தையின் பெயரால் வாங்கும் பஞ்சாமிர்தத்தைத் தாய் உண்ணட்டும். தேங்காய்க் கீற்றும் பொட்டுக்கடலையும் தொண்டையில் அடைக்கும் என்பதால் அவையும் பெரியவர்களுக்கே.

அப்படியானால் குழந்தைக்கு எது பிரசாதம்? வீட்டிலிருந்து மூடிய பாத்திரத்தில் முளைக் கேப்பை மாவும், கொதிக்கவைத்த நீரை ஒரு வெந்நீர்க் குடுவையிலும் எடுத்துச் செல்லலாம். கிணற்று நீர் எவ்வளவு இனித்தாலும் குழந்தைக்குக் கொதித்து ஆறிய நீரே ஏற்றது. கோயிலருகே தங்குமிடத்தில் கூழைப் புதிதாகக் காய்ச்சி, சுவாமிக்கு நிவேதித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். கடற்கரை வெயிலில் மிஞ்சியதை எடுத்து வைத்து மாலையில் ஊட்டுவது வயிற்றுப்போக்குக்கு வழி வகுக்கும். ஊட்டும் கை சோப்பினால் கழுவப்பட்டிருக்க வேண்டும். மணற்பெட்டி சுமந்த கை என்றால் இருமுறை.

நெற்றியில் சந்தனம் இட்டு, தாத்தா மடியில் இருத்தி, பாட்டி ஒரு கரண்டி ஊட்டும்போது குழந்தை முகத்தைத் திருப்பினால் வற்புறுத்த வேண்டாம். முதல் வாய் துப்பப்படுவது குறைவும் அன்று, சகுனமும் அன்று. மறுநாள் வீட்டில் அதே கூழை மீண்டும் நீட்டலாம். எட்டுப் பத்து முறை சுவைத்த பின்னரே பல குழந்தைகள் ஒரு புதிய உணவை ஏற்கின்றன.