வரவிருக்கும் யுகம் – 9: ஆசானே மறுத்த வருகை

துன்பம் நிறைந்த இன்றைய உலகம் விரைவில் முடிவுக்கு வரும், தெய்வ அருளால் இம்மண்ணிலேயே நீதியான புது யுகம் பிறக்கும் என்று ஒரு கூட்டம் சேர்ந்து நம்பி, அதற்கேற்பத் தன் வாழ்வை மாற்றிக்கொள்ளும்போது, அதைச் சமூகவியலாளர்கள் ஆயிரமாண்டு இயக்கம் என்கின்றனர். கிறித்தவ மறையின் இறுதி நூலில் வரும் ஆயிரமாண்டு நல்லாட்சியிலிருந்து பிறந்த இப்பெயர், இன்று எல்லாச் சமயங்களிலும் எழும் இத்தகைய எதிர்பார்ப்புகளுக்கும் பொதுவாக வழங்குகிறது. சென்ற வாரம் கண்ட பிர்சா முண்டாவின் எழுச்சியை, நிலத்தையும் காட்டையும் வேற்றாரிடம் பறிகொடுத்த மக்களின் இழப்பைக் கொண்டு விளக்க முடிந்தது. மக்கள் தமக்கு உரியது என எண்ணுவதற்கும் உண்மையில் கிடைப்பதற்கும் இடையே விரியும் இடைவெளியே இவ்வியக்கங்களின் விளைநிலம் என்னும் அந்த விளக்கத்துக்கு ‘ஒப்பீட்டு இழப்பு’ என்று பெயர். ஆனால் சென்னை அடையாற்றில் பிறந்து உலகெங்கும் பரவிய ஓர் இயக்கத்துக்கு அது அவ்வளவு எளிதில் பொருந்துவதில்லை.

1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மதனப்பள்ளியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியரான ஜிட்டு நாராயணய்யா, பிரம்ம ஞான சபையில் பணியாற்றுவதற்காகத் தம் மக்களுடன் அடையாற்றுக்குக் குடிவந்தார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியை அவ்வாண்டில் கடற்கரையில் கண்ட அச்சபையின் சார்லஸ் லெட்பீட்டர், தன்னலம் சிறிதுமற்ற ஒளிவட்டம் அச்சிறுவனைச் சூழ்ந்திருப்பதாகவும், மைத்ரேயர் என்னும் உலக ஆசான் மீண்டும் மண்ணில் பேசுவதற்கு ஏற்ற உடல் அவனே என்றும் அறிவித்தார். சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அதை ஏற்றுக்கொள்ள, 1911இல் ‘கீழ்த்திசை விண்மீன் சங்கம்’ தோன்றியது; பதின்ம வயதுச் சிறுவனே அதன் தலைவரானான். தந்தை தம் பிள்ளைகளைத் திரும்பப் பெறத் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ந்தபோதிலும், லண்டன் பிரிவி கவுன்சில் 1914இல் அதை மாற்றிவிட்டது.

இச்சங்கத்தில் சேர்ந்தவர்களில் பலர் வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், நிலக்கிழார்கள். புதுதில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞரின் மனைவியான எமிலி லட்யன்ஸ் போன்ற பிரபு குலத்தவரும் அவர்களிடையே இருந்தனர். இவர்கள் சோற்றையோ நிலத்தையோ இழந்தவர்கள் அல்லர். பழைய திருச்சபை நம்பிக்கையை அறிவியல் அரித்துவிட, அறிவியலோ வாழ்வுக்குப் பொருள் சொல்லாமல் நிற்க, இரண்டையும் இணைக்கும் ஒரு பெருங்கதையைத் தேடி வந்தவர்கள் அவர்கள். அதன்பின் முதல் உலகப் போர் மூண்டு, பழைய நாகரிகம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்ற எண்ணத்தை அவர்கள் கண்முன்னே மெய்ப்பித்துக் காட்டியது. ஆகவே இழப்பு என்பதைப் பொருளிழப்பு என்று மட்டும் கொள்ளாமல், உலகைப் புரிந்துகொள்ள உதவிய சட்டகத்தின் இழப்பையும் அதனுள் அடக்கினால்தான் இவ்வியக்கத்தின் எழுச்சி விளங்கும்.

இந்த எதிர்பார்ப்பின் தனித்தன்மை, அதற்கு நாள் குறிக்கப்படவில்லை என்பதாகும். ஆசான் கிருஷ்ணமூர்த்தியின் உடலில் படிப்படியாக இறங்குவார் என்று கூறப்பட்டதால், ஒவ்வொரு நிகழ்வும் அடையாளமாக வாசிக்கப்பட்டது. 1925 டிசம்பர் 28 அன்று அடையாற்று ஆலமரத்தடியில் உரையாற்றிய கிருஷ்ணமூர்த்தி, ஆசானை ‘அவர்’ என்று குறிப்பிட்டு வந்தவர், திடீரென ‘நான்’ என்று தன்மையில் பேசலானார். கேட்டோரில் பலர் அந்நொடியையே வருகையின் தொடக்கமாகக் கொண்டனர். ஆனால் ஆறு வாரங்களுக்கு முன்பே, காசநோயால் வாடிய அவருடைய தம்பி நித்தியானந்தா, அண்ணனின் பணிக்கு இன்றியமையாதவர் ஆகையால், சபையார் நம்பிய மறைவான குருமார்கள் அவரைக் காப்பார்கள் என்ற உறுதியைப் பொய்யாக்கி, கலிபோர்னியாவில் உயிர் துறந்திருந்தார். கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தபோது செய்தி கேட்ட கிருஷ்ணமூர்த்தி நிலைகுலைந்தார். வெளியுலகின் கண்ணில் படாத இந்தச் சிறு தீர்க்கதரிசனத்தின் தோல்வியே, குருமார்களின் பெயரால் பேசியவர்கள்மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கையைத் தளர்த்தியது என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தோர் கருதுகின்றனர்.

1927இல் உலக ஆசான் வந்துவிட்டார் என்று பெசன்ட் அறிவித்தார். ஈராண்டு கழித்து, 1929 ஆகஸ்ட் 3 அன்று, நெதர்லாந்தின் ஓமன் முகாமில், பெசன்டும் 3,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் அமர்ந்திருக்க, உண்மையை எந்த அமைப்பின் வழியாகவும் அடைய முடியாது என்று கூறிக் கிருஷ்ணமூர்த்தி சங்கத்தைக் கலைத்தார். நன்கொடையாக வந்த கோட்டையும் நிலத்தின் பெரும்பகுதியும் கொடுத்தவரிடமே திரும்பின.

தீர்க்கதரிசனம் தோற்றால் நம்பியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு 1956இல் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரு துணை ஆய்வாளர்களும் அளித்த விடை புகழ்பெற்றது. 1954 டிசம்பரில் பெருவெள்ளம் வரும் என்று நம்பிய ஒரு சிறு அமெரிக்கக் குழுவை உள்ளிருந்து கவனித்த அவர்கள், நம்பிக்கைக்காகப் பெரிதும் இழந்துவிட்டவர்கள், அது பொய்த்தபின் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தால், கைவிடுவதற்கு மாறாக முன்னிலும் தீவிரமாகப் பரப்புவார்கள் என்றனர். கைக்கொண்ட நம்பிக்கையும் கண்ட உண்மையும் மோதும்போது எழும் மனத்தவிப்பை, ‘அறிதல் முரண்பாடு’ என்பதை, ஆள் சேர்ப்பதன் மூலம் தணிக்கிறார்கள் என்பது அதன் சாரம். இவ்விளக்கம் பின்னர் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. ஆய்வாளர்களே உறுப்பினர்களாக நடித்துக் குழுவுக்குள் நுழைந்ததால், அவர்கள் இருப்பே நம்பிக்கையை ஊக்கியிருக்கலாம். மேலும், பிற இயக்கங்களில் தோல்விக்குப் பின் பிரசாரம் பெருகியதாக எப்போதும் காணப்படவில்லை.

1985இல் சமய ஆய்வாளர் ஜே. கார்டன் மெல்டன் வேறொரு வழியைக் காட்டினார். தோல்வி என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல். உள்ளிருப்போர் அதைத் தோல்வியாகக் கொள்வதே அரிது. நிகழ வேண்டியது கண்ணுக்குத் தெரியாத தளத்தில் நிகழ்ந்துவிட்டது என்று பொருளை மாற்றிக்கொண்டு, குழுவின் பிணைப்பை உறுதிப்படுத்திக்கொள்வார்கள் என்றார் அவர். கன்னட, தெலுங்கு நாடுகளின் காலஞான மரபு இதற்குத் துணை நிற்கிறது. மைசூரு வட்டாரத்தினரும் அறிந்த வீரபிரம்மேந்திரரின் வாக்குகளில், வீரபோக வசந்தராயர் வந்து நல்லாட்சி தருவார் என்பது ஒரே நாளுக்குக் கட்டுப்படாத எதிர்பார்ப்பு ஆகையால், அது பொய்த்ததாக அறிவிப்பது எளிதன்று. புதிய நிகழ்வுகள் நேரும்போதெல்லாம் பழைய வாக்கு புதிதாக வாசிக்கப்படுகிறது.

விண்மீன் சங்கமும் அவ்வாறே என்றென்றும் காத்திருந்திருக்கலாம். வெள்ளமோ நெருப்போ அதைப் பொய்ப்பிக்க முடியாது. பொருள்கூறும் உரிமை பெசன்டிடமும் லெட்பீட்டரிடமும் இருந்தவரை எந்த நிகழ்வுக்கும் விளக்கம் கிடைத்திருக்கும். எதிர்பார்க்கப்பட்டவரே அவ்வுரிமையைக் கைப்பற்றி மறுத்ததால்தான் சிக்கல் எழுந்தது. அதன்பின் நம்பியவர்கள் ஒரே வழியில் செல்லவில்லை. பெசன்ட் 1933இல் இறக்கும்வரை கிருஷ்ணமூர்த்திமீது கொண்ட பற்றையும் சபையின் தலைமையையும் சேர்த்தே சுமந்தார். பலர் இரண்டையும் விட்டு விலகினர். வேறு சிலர், அமைப்பைக் கலைத்ததே ஆசானின் உண்மையான போதனை என்று கொண்டு, 1930களிலும் ஓமன் முகாம்களில் அவர் உரையைக் கேட்கக் கூடினர்.

இம்மூன்று வழிகளில் கடைசியானது மெல்டனின் விளக்கத்துக்கு நெருங்கியது. தீவிரப் பிரசாரம் என்னும் ஃபெஸ்டிங்கரின் கணிப்போ இங்கு நிறைவேறவில்லை. நம்பிக்கையைப் பொதுவில் காக்க ஓர் அமைப்பு வேண்டும், அந்த அமைப்பே கலைக்கப்பட்டபோது அமைப்பாகத் திரண்டு பரப்ப இடமில்லாது போயிற்று என்பதே அதன் காரணம். ஆகவே ஒரு தீர்க்கதரிசனம் தோற்றதா என்று கேட்கும் ஆய்வாளர், சொன்னது நடந்ததா என்று பார்ப்பதற்கு முன், நடந்தது இது என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

(தொடரும்)