இன்றைக்கு எத்தனை விற்றிருக்க வேண்டும்?

கச்சேரிக்கு இன்னும் 30 நாள் இருக்கிறது. 290 டிக்கெட் விற்றிருக்கிறது. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? நிகழ்ச்சி நடத்துகிறவரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. 290 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இதேபோன்ற கச்சேரிகளுக்கு 30 நாள் முன்னால் வழக்கமாக எவ்வளவு விற்றிருக்கும் என்பது தெரிந்தால்தான் பதில் கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் 1,200 இருக்கைகள் கொண்ட அரங்கம். ஸ்பான்சர்களுக்கும் விருந்தினர்களுக்கும் 200 பாஸ் போக, மீதி 1,000 விற்பனைக்கு. அதில் 900 விற்க வேண்டும் என்பது இலக்கு. விற்பனை 60 நாள் முன்பே தொடங்கிவிட்டது. பாதி நாள் ஓடிவிட்டதே, 450 போயிருக்க வேண்டாமா என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப் பார்த்தால் 160 டிக்கெட் பின்தங்கியிருக்கிறோம், கைகால் நடுங்கும்.

ஆனால் டிக்கெட் ஒருநாளும் அப்படிச் சீராக விற்பதில்லை. அறிவிப்பு வந்த முதல் வாரத்தில் தீவிர ரசிகர்கள் வாங்கிவிடுவார்கள். அதன்பிறகு பல வாரங்கள் விற்பனை மந்தமாகக் கிடக்கும். கடைசி இரண்டு வாரத்தில் மறுபடி சூடு பிடிக்கும். எங்கள் கணக்கில் முதல் வார முடிவில் 18 சதவீதம், 30 நாள் இருக்கும்போது 36, இரண்டு வாரம் இருக்கும்போது 52, ஒரு வாரம் இருக்கும்போது 68 சதவீதம் விற்றிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஏழு நாளுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு விற்பனை மிச்சமிருக்கிறது. இந்த எண்களை நாள்வாரியாக வரைந்தால் கிடைப்பதுதான் இலக்குக் கோடு. 900-இல் 36 சதவீதம் 324. ஆக, நாம் 160 அல்ல, 34 டிக்கெட்தான் பின்தங்கியிருக்கிறோம். கவனிக்க வேண்டிய விஷயம்தான். அதற்காகப் பதறத் தேவையில்லை.

இந்தக் கோட்டை மனத்துக்குத் தோன்றியபடி வரையக்கூடாது. ஒரே மாதிரியான மூன்று, நான்கு பழைய நிகழ்ச்சிகளின் விற்பனைப் பட்டியலை எடுத்து, தேதியை விட்டுவிட்டு ‘நிகழ்ச்சிக்கு இன்னும் எத்தனை நாள்’ என்ற வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளிலும், அந்த நிகழ்ச்சியின் மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம் முடிந்திருந்தது என்று பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 60 நாள் விற்ற கச்சேரியின் கோட்டை, 30 நாள் மட்டுமே விற்கப்போகும் கச்சேரிக்கு அப்படியே பொருத்தவும் கூடாது.

இதில் பலர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. பழைய கச்சேரிகளில் ஒன்று பத்து நாள் முன்பே ஹவுஸ்ஃபுல் ஆகியிருக்கலாம். பெருமையாக அதையும் சராசரியில் சேர்த்துவிடுவோம். ஆனால் அந்தப் பட்டியல் பத்து நாள் முன்பே 100 சதவீதத்தைத் தொட்டதற்குக் காரணம் இருக்கைகள் தீர்ந்துபோனதுதான். வாங்க நினைத்தவர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் வரவில்லை. அதைச் சேர்த்தால் இலக்குக் கோடு முழுவதும் மேலே ஏறிவிடும். அப்புறம் நன்றாக ஓடும் கச்சேரிகூட தினமும் பின்தங்கியதாகவே தெரியும். அப்படிப்பட்ட நிகழ்ச்சியைச் சராசரியிலிருந்து விலக்கிவிடுவதே நல்லது.

கோடு தயாரானதும், தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஒரு சுருக்கம் அமைப்பாளரின் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டும். முந்தைய நள்ளிரவு வரை பணம் வந்து சேர்ந்த டிக்கெட் மட்டுமே கணக்கு. பணம் கட்டாமல் பாதியில் நிற்பது, இலவச பாஸ், ‘எனக்குப் பத்து எடுத்து வை’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் சேராது. நம் கச்சேரியின் சுருக்கம் இப்படி இருக்கும்:

நிகழ்ச்சிக்கு 30 நாள்.
நேற்று விற்றது 5, ரத்து 1, நிகரம் 4.
மொத்தம் 290, இருக்க வேண்டியது 324.
கடந்த 7 நாளில் 29, திட்டம் 36.
போகிற போக்கில் கடைசியில் 806 முதல் 866 வரை.
பின்தங்கியது: 1,000 ரூபாய் டிக்கெட்.

நேற்று 4 விற்றது என்பதில் பெரிய சேதி எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை 4 விற்கும், சம்பளம் வந்த சனிக்கிழமை 15 விற்கும். அதனால்தான் ஏழு நாள் கணக்கு வேண்டும். அதில்தான் உண்மை தெரிகிறது: போன வாரம் 27 ஆக இருந்த பற்றாக்குறை இப்போது 34.

கடைசியில் எத்தனை என்பதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். 290 என்பது 36 சதவீதம் என்றால் முழுசும் 806. இதுவரை இருந்த மந்தம் கடைசிவரை தொடரும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. இன்னொன்று, விட்டது விட்டதுதான், இனிமேல் விற்க வேண்டிய 576 திட்டப்படியே விற்கும் என்று வைத்துக்கொண்டால் 866. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கும். முதல் வாரத்தில் இந்தக் கணக்கை அமைப்பாளரிடம் காட்டவே கூடாது என்பேன். அப்போது ஒரு சதவீதம் பிசகினாலும் கடைசி எண் ஐம்பது டிக்கெட் வரை துள்ளும்.

சுருக்கத்தின் கடைசி வரிதான் கைக்கு வேலை கொடுக்கிறது. 1,500 ரூபாய் டிக்கெட் 110 விற்றிருக்க வேண்டும், 112 விற்றிருக்கிறது. 500 ரூபாய் டிக்கெட் 114-க்கு 117. நடுவில் 1,000 ரூபாய் மட்டும் 100-க்கு 61. அப்படியானால் பாடகருக்கு வரவேற்பு இல்லை என்றோ விளம்பரம் போதவில்லை என்றோ சொல்ல முடியாது. இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் புரியும்: நடு வரிசைகளில் நடைபாதையை ஒட்டிய இரண்டு வரிசைகள் ஸ்பான்சருக்காகப் பூட்டப்பட்டிருக்கின்றன. வாங்க வருகிறவர்கள் கண்ணில் ஓர இருக்கைகள்தான் படுகின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல் இடமில்லை. ஸ்பான்சரிடம் பேசி அவர்களை வேறு வரிசைக்கு மாற்றி, அந்த இரண்டு வரிசையைத் திறந்துவிடுகிறார்கள். அடுத்த ஏழு நாளில் 36 விற்க வேண்டிய இடத்தில் 52 விற்கிறது. பற்றாக்குறை 18 ஆகக் குறைகிறது.

இதே இடத்தில் வழக்கமாக நடப்பது வேறு. மந்த வாரத்தைக் கண்டு பயந்து 20 சதவீதத் தள்ளுபடி அறிவிப்பார்கள். கோடு ஒரே வாரத்தில் இலக்குக்கு மேலே போகும், எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் கடைசி வாரத்தில் முழு விலைக்கு வாங்கியிருக்கக்கூடியவர்களே இப்போது குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம். சலுகை முடிந்த அடுத்த இரண்டு வாரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே போன அளவுக்கே விற்பனை திட்டத்துக்குக் கீழே இறங்கினால், புதிதாக யாரும் வரவில்லை. இதனால்தான் சுருக்கத்தில் டிக்கெட் எண்ணிக்கையோடு வசூலையும் சேர்க்கச் சொல்கிறேன். எண்ணிக்கை கோட்டைத் தாண்டி, வசூல் பின்தங்கினால் தள்ளுபடி கையைக் கடிக்கிறது என்று அர்த்தம்.

கோட்டுக்குத் தெரியாதவையும் உண்டு. நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால் நான்கு நாள் விற்பனை படுத்துவிடும். பாடகரின் புதுப்பாட்டு ஒன்று பிரபலமானால் ஒரே இரவில் நூறு டிக்கெட் போகலாம். இவற்றை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் நடந்த அன்றே சுருக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்க முடியும். ‘புயல், கவுண்டர் மூடல்’ என்று எழுதினாலே போதும். அந்த வரி இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு கோடு வரைகிறவர் அந்த நான்கு நாள் சரிவையும் ரசிகர்களின் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்.