மூன்று ஜிபி மாடலுக்கு நாற்பது ஜிபி ஏன் போதவில்லை?

ஓபன்ஏஐ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜிபிடி-2 மொழி மாடலின் மிகப் பெரிய வடிவத்தில் ஏறக்குறைய 156 கோடி எண்கள் இருக்கின்றன. வெயிட்ஸ் என்று சொல்வது இந்த எண்களைத்தான். ஓர் எண்ணுக்கு 2 பைட் என்று வைத்தால் மொத்தம் 3 ஜிபிக்குச் சற்று மேல். 40 ஜிபி நினைவகம் உள்ள ஏ100 ஜிபியுவில் இதற்குப் பயிற்சி கொடுக்க இடம் தாராளமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், 1,024 டோக்கன் நீளமுள்ள இரண்டே இரண்டு உரைகளை ஒன்றாகக் கொடுத்தாலும் `CUDA out of memory` என்று ஓட்டம் நின்றுவிடக்கூடும். ஜிபியுவை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாடலைப் பயன்படுத்துவதற்கு வெயிட்ஸ் மட்டும் இருந்தால் ஏறக்குறையப் போதும். பயிற்சி அப்படியல்ல. ஒவ்வொரு எண்ணையும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்லும் கிரேடியன்ட்டுக்கு இன்னொரு 2 பைட் வேண்டும். அடுத்து ஆப்டிமைசர். பரவலாகப் பயன்படும் ஆடம், ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு ஓடும் சராசரிகளை வைத்துக்கொள்கிறது: ஒன்று கிரேடியன்ட்டின் சராசரி, மற்றது அதன் வர்க்கத்தின் சராசரி. தலைக்கு 4 பைட். திருத்தங்கள் மிகச் சிறியவை என்பதால் 2 பைட் எண்ணில் அவை கரைந்து போய்விடும். அதனால் வெயிட்ஸின் 4 பைட் பிரதி ஒன்றும் தனியாக வேண்டும். எல்லாம் கூட்டினால் ஓர் எண்ணுக்கு 16 பைட். வெயிட்ஸையும் கிரேடியன்ட்டையும் 4 பைட்டிலேயே வைத்து, கணக்கிடும்போது மட்டும் சுருக்கிக்கொள்ளும் முறையிலும் நிலையான செலவு அதே 16தான். பைடார்ச்சில் இரண்டு வரி போதும்:

```python
n = sum(p.numel() for p in model.parameters())
print(n * 16 / 1e9)
```

நம் மாடலுக்கு 24.9 என்று வரும். உரை ஒன்றானாலும் நூறானாலும் இந்த 25 ஜிபி மாறாது. மீதி 15.

அந்த மீதியைத் தின்பவை ஆக்டிவேஷன்கள். உரை மாடலின் 48 அடுக்குகள் வழியே போகும்போது கிடைக்கும் இடைக்கால விடைகள் அவை. கிரேடியன்ட்டைப் பின்னோக்கிக் கணக்கிடும்போது தேவைப்படும் என்பதால் அவற்றை வீசிவிட முடியாது. இவற்றில் பெரிய தீனிக்காரன் அட்டென்ஷன் அட்டவணை. 1,024 டோக்கன்களில் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் எவ்வளவு தொடர்புடையது என்பதை ஓர் அடுக்கில் 25 தலைகள் தனித்தனியே எழுதிவைக்கின்றன. 25 × 1024 × 1024, அதாவது 2.6 கோடிக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குச் சுமார் 5 பைட் வீதம் 48 அடுக்குக்கும் போட்டால் 6.3 ஜிபி. மற்ற இடைக்கால விடைகளுக்கு 2.7 ஜிபி. ஆக, ஒரே ஓர் உரைக்கு 9 ஜிபி. இரண்டு உரைக்கு 18; நிலையான 25ஐச் சேர்த்தால் 43.

உரையின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் மற்றவை இரண்டு மடங்குதான் ஆகும், அந்த அட்டவணை மட்டும் நான்கு மடங்காகும். 2022இல் வந்த ஃப்ளாஷ் அட்டென்ஷன் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. முழு அட்டவணையையும் சேமிக்காமல், வேண்டும்போது துண்டு துண்டாக மறுபடி கணக்கிடுகிறது. ஓர் உரையின் 9 ஜிபி 2.7 ஆகக் குறைகிறது. அதுவும் போதாவிட்டால், ஒவ்வோர் அடுக்கின் நுழைவாயிலில் உள்ள விடையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதைத் திரும்பக் கணக்கிடும் செக்பாயின்ட்டிங் இருக்கிறது. அப்போது ஓர் உரைக்குச் சேமிப்பது 0.16 ஜிபிதான். விலை நேரம்: கணக்கு வேலை மூன்றில் ஒரு பங்கு கூடும். இடமில்லை என்றதும் மாடலைச் சிறிதாக்குவதைவிட முதலில் இதைச் செய்வதே மேல் என்பேன். ஆனால் நிலையான 25 ஜிபியே கார்டில் அடங்கவில்லை என்றால், இந்த இரண்டு வழிகளாலும் பயன் இல்லை.

இந்தக் கணக்கில் வராத சில்லறைகளும் உண்டு. அடுத்த டோக்கனை ஊகிக்க, 50,257 சொற்துணுக்குகளுக்கும் மதிப்பெண் போடும் கடைசிப் படியே ஓர் உரைக்கு 0.2 ஜிபி, அதன் பிரதிகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். கூடா மென்பொருளும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இவற்றுக்காகக் கார்டில் பத்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுக் கணக்கிடுவது நல்லது.

ஓட்டம் எந்த இடத்தில் விழுகிறது என்பதும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். பைடார்ச்சில் ஆடம் தன் சராசரிகளுக்கான இடத்தை முதல் `optimizer.step()` நடக்கும்போதுதான் பிடிக்கிறது. அதனால் முதல் படியில் உரை சுகமாகப் போய்த் திரும்பிவிட்டு, அந்த வரியிலோ இரண்டாம் படியிலோ நினைவகம் தீர்ந்துபோகும். பல மணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால், பெரும்பாலும் அப்போதுதான் நீளமான உரை வந்திருக்கும். ஆகவே, தரவிலேயே மிக நீளமான உரைகளைப் பொறுக்கி முதல் தொகுப்பாக வைத்து, மூன்று படிகள் ஓடவிட்டு, `torch.cuda.max_memory_allocated()` என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முழு ஓட்டத்தைத் தொடங்க வேண்டும்.