வீட்டு பேட்டரியும் தீ ஆபத்தும்

மின்சாரம் நின்றுபோகிறது. ஆனாலும் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் இன்று ஏராளமான வீடுகளில் இருக்கின்றன.

வீட்டு மின்சாரத்தை மெயின் சுவிட்சை இறக்கி நிறுத்திவிடலாம். பேட்டரியை அப்படி நிறுத்த முடியாது. இரவும் பகலும் அதன் இரண்டு முனைகளிலும் மின்சாரம் காத்து நிற்கிறது.

"பன்னிரண்டு வோல்ட்தானே! கை பட்டால் ஷாக் கூட அடிக்காதே" என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் தீ மூளும். பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தவறித் தொட்டால் என்ன ஆகும்? ஆயிரம் ஆம்பியருக்கும் மேலான மின்சாரம் அதன் வழியே பாயும். நொடிகளில் ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். ஸ்பேனருக்கு நேர்வது வயருக்கும் நேரலாம். அதைத் தடுப்பது பியூஸ்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

ஒரு தையல் தொழிலாளியின் வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே தையல் வேலை நடக்கிறது. மாடியில் குடும்பம் தூங்குகிறது. மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி அது. இன்வெர்ட்டர் ஆறு அடி தள்ளிச் சுவரில் இருக்கிறது. தகரத்தில் ஓட்டை போட்டு, இரண்டு வயர்களையும் அதன் வழியே கொண்டுபோயிருக்கிறார்கள். பியூஸ் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அந்த ஓட்டையைக் காட்டினார்.

"அண்ணே, தகரத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. இரண்டு வயரின் தோலும் இங்கே தேய்ந்திருக்கிறது பாருங்கள்."

"தேய்ந்தால் என்ன தம்பி? அதுதான் பியூஸ் இருக்கிறதே!"

"பியூஸ் அந்தக் கடைசியில் இருக்கிறது. மின்சாரம் புறப்படுவது இந்தப் பேட்டரியிலிருந்து. இரண்டு வயரும் இந்தத் தகரத்தில் பட்டால், மின்சாரம் இங்கேயே குறுக்கு வழியில் திரும்பிவிடும். பியூஸ் வரைக்கும் அது போகவே போகாது. பியூஸ் நன்றாக இருக்கும். வயர் எரியும்."

எலக்ட்ரீஷியன் சொன்னதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. அந்த இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே பியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும்.

இதில் ஒரு கவனம் தேவை. பியூஸ் எரியும்போது பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு மேல்நோக்கி வருகிறது. ஆகவே பியூஸ் பேட்டரிக்கு மேலே இருக்கக் கூடாது. பக்கவாட்டில், தண்ணீர் ஊற்றும் மூடிகளைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நாற்புறமும் மூடிய உறைக்குள் இருக்க வேண்டும்.

எவ்வளவு ஆம்பியர் பியூஸ்?

அந்த வீட்டு இன்வெர்ட்டர் அதிக அளவாக 600 வாட் கொடுக்கும். 600-ஐ 12-ஆல் வகுத்தால் 50 ஆம்பியர் வருகிறது. இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் குறையும். அப்போது வயரில் ஏறத்தாழ 65 ஆம்பியர் ஓடும். ஆகவே அதற்கு 80 ஆம்பியர் பியூஸ் பொருத்தமானது.

வயர், பியூஸைவிட அதிக மின்சாரத்தைத் தாங்க வேண்டும். இங்கே 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். வயர் மெலிந்ததாக இருந்தால், பியூஸ் எரிவதற்கு முன்பே வயர் சூடேறிவிடும். இன்வெர்ட்டருடன் வந்த புத்தகத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படியே செய்ய வேண்டும்.

வீட்டு மின்பலகையில் போடும் பியூஸைப் பேட்டரிக்குப் போடலாமா? கூடாது. வீட்டு மின்சாரம் திசை மாறி மாறி ஓடுகிறது. அதனால் ஒரு நொடிக்கு நூறு முறை அது ஒரு கணம் நின்று ஓடுகிறது. பியூஸ் அறுந்ததும் தோன்றும் பொறி, அந்தக் கணத்தில் அணைந்துவிடும். பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் நிற்காமல் ஓடுகிறது. அறுந்த இடத்திலும் பொறி தொடர்ந்து எரியலாம். எனவே டி.சி. மின்சாரத்துக்கென்று செய்த பியூஸையே கேட்டு வாங்க வேண்டும். பியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது, பியூஸே இல்லாமல் இருப்பதற்குச் சமம்.

காற்று எதற்கு?

அந்தத் தகரப் பெட்டியில் இன்னொரு குறையும் இருந்தது. அது நன்றாக மூடியிருந்தது. குழந்தைகள் தொடக் கூடாது என்று மூடி வைத்திருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில், அதிலுள்ள தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வாயுவாகிறது. அப்போது ஹைட்ரஜன் வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நூறு பங்கு காற்றில் நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால், ஒரு சின்னப் பொறி போதும். அது வெடிக்கும்.

அந்தப் பெட்டியில் பேட்டரி போக மீதி இடம் சுமார் 130 லிட்டர். அதில் நூற்றுக்கு நாலு பங்கு என்பது 5 லிட்டருக்குச் சற்று அதிகம். சார்ஜ் முடியும் நேரத்தில் 3 ஆம்பியர் ஓடினால், ஒரு மணி நேரத்தில் ஏழரை லிட்டர் ஹைட்ரஜன் வரலாம். வாயு வெளியேற வழியே இல்லை என்றால், முக்கால் மணி நேரத்திற்குள் பெட்டி ஆபத்தான நிலைக்கு வந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் எளியது. ஹைட்ரஜன் காற்றைவிட மிக இலேசானது. அது மேலே போகும். ஆகவே பெட்டியின் உச்சியில் ஒரு திறப்பு வேண்டும். அடியில் ஒரு திறப்பு வேண்டும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும். கீழே புதுக் காற்று நுழையும். மேலே வாயு வெளியேறும். மேலே மட்டும் ஓட்டை போட்டால் காற்று சரியாக ஓடாது.

பெட்டியே இல்லாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் கம்பித் தடுப்புக்குள் வைப்பது இன்னும் நல்லது. பேட்டரியின் மேல் துணி போர்த்தக் கூடாது. பழைய செய்தித்தாள்களை அடுக்கக் கூடாது. பக்கத்தில் சாமி விளக்கும் ஊதுவத்தியும் வேண்டாம். எரிவாயு அடுப்பும் வேண்டாம்.

மாடிப்படிக்குக் கீழே பேட்டரியை வைக்கவே கூடாது. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கூடம். மேலே தங்கும் விடுதி. கீழே மூண்ட தீயின் புகை மேல் தளங்களை நிறைத்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். புகை மாடிப்படி வழியாகத்தான் மேலே ஏறும். மாடியில் இருப்பவர்கள் இறங்கி வர வேண்டிய வழியும் அதுதான். தையல் தொழிலாளி அன்றே பேட்டரியை வெளி வராந்தாவுக்கு மாற்றினார். அங்கே வெயிலும் படாது, மழையும் படாது.

பேட்டரி வீங்கினால்?

பேட்டரியின் பக்கங்கள் தட்டையாக இருக்க வேண்டும். அவை புடைத்திருந்தால் உள்ளே சூடோ வாயுவோ மிஞ்சிவிட்டது என்று பொருள். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறுவது, தண்ணீர் வற்றுவது, வாயு வரும் துளை அடைபடுவது ஆகியவை இதற்குக் காரணங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் நிலைமை முற்றிவிட்டது.

அப்போது பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. அதன் பொறியே போதும். தள்ளி இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கி, சார்ஜ் ஏறுவதை நிறுத்த வேண்டும். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் விலகிவிட வேண்டும். வயரைக் கழற்றக் கூடாது. மூடியைத் திறக்கக் கூடாது. சூடு ஆறி, வாயு போன பிறகு எலக்ட்ரீஷியன் வந்து கழற்றட்டும். அவர் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுவார். அமிலம் உடம்பில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால், அப்படிக் கழுவிய உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லித்தியம் பேட்டரி வேறு வகை. செல்போன், பவர் பேங்க், மின்சார ஸ்கூட்டர், சில புதிய இன்வெர்ட்டர்கள் ஆகியவற்றில் இது இருக்கிறது. இதன் செல்கள் உள்ளே கெட்டு, வாயு உண்டானால் வீங்கும். வீங்கியதை அமுக்கக் கூடாது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றக் கூடாது. குத்தினால் அந்த இடத்திலேயே தீப்பிடிக்கலாம். மறுபடி சார்ஜும் போடக் கூடாது.

வீங்கியது செல்போன் போன்ற சிறிய பொருளா? சூடும் புகையும் இல்லையா? அப்படியானால் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதை மெதுவாக வெளியே கொண்டுபோக வேண்டும். எரியும் பொருள் எதுவும் இல்லாத சிமெண்டுத் தரையிலோ மணல் போட்ட இரும்பு வாளியிலோ வைக்கலாம். வாளியை மூடக் கூடாது.

வீங்கியது ஸ்கூட்டர் பேட்டரியா, இன்வெர்ட்டர் பேட்டரியா? அதைத் தூக்க முயல வேண்டாம். தள்ளி இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வெளியேற வேண்டும். விற்றவருக்குச் சொல்லி, பழகிய ஆளை வரவழைக்க வேண்டும்.

சிறியதோ பெரியதோ, 'உஸ்' என்ற சத்தமோ புகையோ வந்தால் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. அந்தப் புகை நச்சு. எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112 எண்ணுக்குப் பேச வேண்டும். "லித்தியம் பேட்டரி எரிகிறது" என்று சொல்ல வேண்டும். தீயணைப்பு வீரர்கள் ஏராளமான தண்ணீரைப் பாய்ச்சிக் குளிர வைப்பார்கள். ஒரு குடம் தண்ணீரால் அது அடங்காது. அணைந்தது போலத் தெரிந்தாலும், பல மணி நேரம் கழித்து மறுபடி எரியலாம்.

வீங்கிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். பழைய பேட்டரிகளைத் தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. வாங்கிய கடையில் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பாருங்கள்

1. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பியூஸ் எத்தனை சாண் தூரத்தில் இருக்கிறது?

2. பேட்டரி இருக்கும் இடத்தில் காற்று எங்கே நுழைகிறது? எங்கே வெளியேறுகிறது?

3. பேட்டரி எரிந்தால், வீட்டில் உள்ளவர்கள் அதைக் கடக்காமல் வெளியே வர வழி இருக்கிறதா?